போச் பண்ணப் போனா பாயிண்ட் போகுதா? டபுள்ஸ்ல நெட் ஆளோட கோளாறுகளும் சரிபண்ற வழியும்

கிளப்ல டென்னிஸ் டபுள்ஸ் ஆடுற ஜோடிங்க என்கிட்ட வந்து சொல்ற புகார் பெரும்பாலும் ஒண்ணுதான், "நெட்ல நிக்கிறவர் குறுக்க போனா ஆலில அடிச்சிடுறாங்க, போகாம நின்னா அவர் நிக்கிறதே வேஸ்ட்". ஆலின்னா சிங்கிள்ஸ் லைனுக்கும் டபுள்ஸ் லைனுக்கும் நடுவுல ஓரமா இருக்கிற பட்டை, போச்னா நெட் ஆள் குறுக்க போய் பார்ட்னருக்கு வர்ற பந்தை மறிச்சு அடிக்கிறது. நாலஞ்சு வருஷமா இதே கோளாறை வேற வேற ஜோடிங்களுக்குப் பார்த்துப் பார்த்து சரி பண்ணிட்டு இருக்கேன், அதை இங்க அறிகுறி வாரியா எழுதுறேன். உங்களுக்கு எது நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதல்ல வரும், கோச் வரைக்கும் போக வேண்டியது கடைசில வரும்.

இதுல எல்லாமே நம்ம டீம் செர்வ் பண்ற கேம் பத்திதான். ஒருத்தர் செர்வ் பண்றார், இன்னொருத்தர் நெட்ல. பக்கம் குழம்பாம இருக்க டியூஸ் பக்கத்தையே உதாரணமா வச்சுக்கறேன், ரெண்டு டீம்லயும் எல்லாரும் வலது கைக்காரங்கன்னு வச்சுக்கோங்க. அப்போ செர்வ் பண்றவர் வலது பக்கம், நெட் ஆள் இடது பாக்ஸ்ல, ரிட்டர்ன் பண்றவர் நெட் ஆளுக்கு நேர் எதிர்ல. ஆட் பக்கத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டுக்கலாம், ஆனா அங்க ரிட்டர்ன் பண்றவரோட ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் இடம் மாறியிருக்கும்ங்கறதை மறந்துடாதீங்க.

முதல்ல ஒரு செக், எந்த அறிகுறியா இருந்தாலும்

பேஸ்லைனுக்குப் பின்னாடி வேலில ஒரு போனை மாட்டி ரெண்டு கேம் வீடியோ எடுங்க. அப்புறம் ஒவ்வொரு பாயிண்ட்லயும் எதிராளி ராக்கெட் பந்தைத் தொடுற நொடியில நிறுத்திப் பாருங்க. அந்த நொடியில நெட் ஆள் எங்க இருக்கார், காலு என்ன நிலையில இருக்கு, இது ரெண்டுதான் வேணும். ஏற்கனவே நடுக்கோட்டைத் தாண்டிட்டாரா, இல்ல ரெண்டு காலும் தரையில ஒட்டி சிலை மாதிரி நிக்கிறாரா, இல்ல சரியா கிளம்புற நிலையில இருக்காரா. ஆடும்போது நமக்குத் தோணுறது வேற, வீடியோல தெரியுறது வேற. "நான் கரெக்டாதான் போனேன்"னு சத்தியம் பண்ணவங்க எல்லாம் வீடியோவைப் பார்த்துட்டு அமைதியானதை நிறைய தடவை பார்த்திருக்கேன்.

அறிகுறி 1: குறுக்க போற ஒவ்வொரு தடவையும் ஆலில அடிச்சிடுறாங்க

*காரணம் அ: சீக்கிரம் கிளம்புறீங்க.* இதுதான் முக்கால்வாசி பேருக்கு. வீடியோல பார்த்தா எதிராளி ராக்கெட் இன்னும் பின்னாடியே இருக்கும், நெட் ஆள் அதுக்குள்ள ரெண்டு எட்டு போயிருப்பார். கண்ணுக்கு முன்னாடி ஒரு ஆள் ஓடுனா யாரா இருந்தாலும் ஓடுன இடத்துலதான் அடிப்பாங்க. கிளம்ப வேண்டிய நேரம் எதிராளியோட ராக்கெட் முன்னாடி வர ஆரம்பிக்கிற நேரம், அப்போ அவர் கண்ணு பந்து மேல இறங்கியிருக்கும், உங்களைப் பார்க்க மாட்டார், அடிக்கிற திசையையும் மாத்த முடியாது. பழகுறதுக்கு ஒரு வழி இருக்கு, செர்வ் அந்தப் பக்கம் தரையில பட்டதும் ஸ்ப்ளிட் ஸ்டெப் போடுங்க, அதாவது சின்னதா ஒரு குதி, ரெண்டு காலும் தரையில இறங்குற நேரமும் ராக்கெட் முன்னாடி வர்ற நேரமும் ஒண்ணா இருக்கணும், இறங்குன காலாலேயே தள்ளிக்கிட்டு கிளம்புங்க. குதிக்காம நின்ன இடத்துலேருந்து ஓடப் பார்க்கிறவங்கதான் லேட்டாயிடுமோன்னு பயந்து முன்னாடியே ஓடுறாங்க.

*காரணம் ஆ: செர்வ் வைடா போகுது, நீங்க அதைப் பார்க்காம குறுக்க போறீங்க.* டியூஸ் பக்கம் வலது கைக்காரர் ஸ்லைஸ் செர்வ் போட்டா பந்து தானா வெளிய வளைஞ்சு போகும், ரிட்டர்ன் பண்றவர் ஆலிக்கே போய் நின்னு அடிப்பார், அங்கேருந்து ஆலி நேர் ரோடு மாதிரி திறந்திருக்கும். இந்த மாதிரி செர்வ் போனா போச்சே கிடையாது, நெட் ஆள் ஒரு எட்டு லைன் பக்கம் நகர்ந்து ஆலியை மூடணும். டி-க்கு, அதாவது நடுக்கோடும் சர்வீஸ் லைனும் சேர்ற இடத்துக்கு செர்வ் போனா கதை வேற, பந்து நடுவுலேருந்து வரும், அங்கேருந்து ஆலில அடிக்க அவர் வெளிப்பக்கமா நல்லா திருப்பி அடிக்கணும், நெட்டும் நடுவுல 3 அடி, போஸ்ட் கிட்ட 3½ அடி, அதனால உயரமான இடத்துக்கு மேல தூக்கியும் அடிக்கணும். அவ்வளவும் ஒரே அடியில செய்யிற ஆள் கிளப்ல ரொம்பக் கம்மி.

செக் இது: டி பக்கத்துல, சர்வீஸ் லைனுக்கு ஒரு எட்டு உள்ள பந்து டப்பா ஒண்ணை வச்சு, டி-க்கு 10 முதல் செர்வ் போடச் சொல்லுங்க. நடுக்கோட்டுலேருந்து 4 அடிக்குள்ள எத்தனை விழுதுன்னு எண்ணுங்க. 6-ஓ அதுக்கு மேலயோ விழுந்தா திட்டம் போட்டு போச் பண்ணலாம். 3, 4 தான்னா கோளாறு நெட் ஆள்கிட்ட இல்ல, செர்வ்ல இருக்கு, அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

*காரணம் இ: ஆலில போன ரெண்டு பாயிண்ட் மனசுல ஒட்டிக்கிச்சு.* ஒரு செட்ல ஆலில ரெண்டு மூணு பாயிண்ட் போறது நஷ்டக் கணக்கே இல்ல, அவங்க அதே அடியை எத்தனை தடவை வெளியவும் நெட்லயும் அடிச்சாங்கன்னு சேர்த்து எண்ணிப் பாருங்க. நான் பேப்பர்ல குறிச்சுக் குடுத்த ஜோடிங்கள்ல பெரும்பாலும் ஆலில விட்ட பாயிண்ட்டை விட ஆலிக்கு ஆசைப்பட்டு எதிராளி விட்ட பாயிண்ட்தான் ஜாஸ்தி. கணக்கு எடுத்தும் நஷ்டம்னு வந்தா மேல சொன்ன அ, ஆ ரெண்டையும் மறுபடி பாருங்க.

அறிகுறி 2: போறேன், ஆனா பந்து எட்ட மாட்டேங்குது, இல்ல ராக்கெட் நுனியில பட்டுட்டு போகுது

*நிக்கிற இடம்.* நெட்டுக்கும் சர்வீஸ் லைனுக்கும் 21 அடி. பாதிக்கு கொஞ்சம் முன்னாடி, 8 லேருந்து 10 அடில நின்னா போதும். நெட்டை ஒட்டி நிக்கிறவங்களுக்கு முன்னாடி போக இடமே இருக்காது, பக்கவாட்டுல மட்டும்தான் ஓட முடியும், தலைக்கு மேல லாப் போட்டாலும் செத்தோம். அகலத்துல பாக்ஸோட நடுவுல நின்னீங்கன்னா நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 அடி, டபுள்ஸ் லைனுக்கு 11 அடி. ஆலிக்கு பயந்து லைன் பக்கம் இன்னும் 3 அடி தள்ளி நின்னா நடுக்கோடு 10 அடி ஆயிடுது, அங்கேருந்து யாராலயும் எட்ட முடியாது. கிளப்ல நான் பார்க்கிற நெட் ஆட்கள்ல நிறைய பேர் இப்படித்தான் ஆலிக்கு காவல் நிக்கிறாங்க, ஒண்ணுமே மாத்தாம இந்த 3 அடியை மட்டும் மாத்துனாலே பாதி பேருக்கு சரியாயிடும்.

*ஓடுற கோணம்.* நெட்டுக்கு இணையா பக்கவாட்டுல ஓடாதீங்க, சாய்வா முன்னாடி ஓடுங்க, நெட் நடுவுல இழுத்துக் கட்டியிருக்கிற பட்டை இருக்குல்ல, அதைத் தொடப் போற மாதிரி. அப்படிப் போனா தூரமும் குறையும், பந்து இறங்குறதுக்கு முன்னாடி நெட் உயரத்துக்கு மேலயே பிடிக்கலாம். ராக்கெட்டோ உடம்போ நெட்ல பட்டா பாயிண்ட் போச்சு, பந்து நெட்டைத் தாண்டி நம்ம பக்கம் வர்றதுக்கு முன்னாடி தொட்டாலும் போச்சு, அதனால கடைசி எட்டுல பிரேக் போடத் தெரியணும்.

*பந்து எட்டுது, ஆனா வாலி, அதாவது பந்து தரையில படுறதுக்கு முன்னாடி அடிக்கிற அடி, நெட்லயே விழுது.* இது பெரும்பாலும் கிரிப். ஃபோர்ஹேண்ட் கிரிப்லயே நெட்ல நின்னா ராக்கெட் முகம் கவுந்துக்கும், தாழ்வா வர்ற பந்து எல்லாம் நெட்லதான். கான்டினென்டல் கிரிப்புக்கு மாத்துனா ரெண்டு வாரம் எல்லாமே மோசமாத்தான் இருக்கும். இதை நீங்களே போராட வேண்டாம், கோச்கிட்ட போயிடுங்க, வாலிக்கு மட்டும்னு சொல்லி மூணு நாலு கிளாஸ் எடுத்தா போதும்.

அறிகுறி 3: போச் நல்லா விழுது, ஆனா அடுத்த பந்துலயே பாயிண்ட் போகுது

இதுக்கு ரெண்டே காரணம். ஒண்ணு, வாலியை ரிட்டர்ன் பண்ணவர்கிட்டயே திருப்பி அடிக்கிறீங்க. அவர் பேஸ்லைன்ல இருக்கார், அவருக்கு நேரம் இருக்கு. அடிக்க வேண்டியது எதிர் டீமோட நெட் ஆள் காலடிக்கு, இல்ல அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிக்கு. காலடின்னா காலடிதான், மேல உடம்புக்கு அடிக்காதீங்க, அடிபட்டா ஆட்டமே கெட்டுப்போகும்.

ரெண்டாவது, குறுக்க போன ஆள் பாதியில திரும்பி வர்றார், இல்ல செர்வ் பண்ணவர் பக்கம் மாறல. போச் பண்ணக் கிளம்பிட்டா போனது போனதுதான், வலது பக்கமே போய் நின்னுக்கணும், செர்வ் பண்ணவர் அவருக்குப் பின்னாடியே இடது பக்கம் மாறணும். ரெண்டு பேரும் வலது பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற காட்சி எல்லா கிளப்லயும் உண்டு. தீர்வு சிக்னல். முதுகுக்குப் பின்னாடி கையை வச்சு, மூடுன கை நிக்கிறேன், விரிச்ச கை போறேன். செர்வ் பண்றவர் பார்த்துட்டு வாயைத் திறந்து "சரி"ன்னு சொல்லணும், அவர் சொல்லாம செர்வ் போட விடாதீங்க. முதல் செர்வ் ஃபால்ட் ஆச்சுன்னா ரெண்டாவது செர்வுக்கு சிக்னல் புதுசா, பழசு செல்லாது.

அறிகுறி 4: நடுவுல போற பந்தை ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே விட்டுடுறோம்

சுருக்கமா சொல்லிடலாம். ரெண்டு பேரும் நெட்ல இருந்தா, பந்து எதிராளி பக்கம் எந்த மூலைல இருக்கோ அதுக்கு நேரா நிக்கிறவர் லைனைப் பார்த்துக்கணும், குறுக்க இருக்கிறவர் நடுவை எடுக்கணும். ஒருத்தர் நெட்ல ஒருத்தர் பேஸ்லைன்லன்னா, நெட் ஆளுக்கு எட்டுற நடுப்பந்து எல்லாம் அவருது, அவர் விட்டாதான் பின்னாடி இருக்கிறவருது. இதை ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, பந்து வரும்போது பேச நேரம் இருக்காது.

அறிகுறி 5: எல்லாம் சரியா பண்றோம், ஆனா ஒரு ஆளோட க்ராஸ் ரிட்டர்ன் மட்டும் நிக்கவே மாட்டேங்குது

இங்கதான் ஐ ஃபார்மேஷன் வருது. நெட் ஆள் நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் காலை வச்சு நெட்டுக்குக் கீழ தலை போற அளவுக்கு குந்திக்கணும், நெட்டுலேருந்து 5, 6 அடில. செர்வ் பண்றவர் சென்டர் மார்க்கை ஒட்டி நிக்கணும். ரிட்டர்ன் பண்றவருக்கு நெட் ஆள் எந்தப் பக்கம் எழுந்து போவார்னு தெரியாது, அவருக்குப் பழகுன க்ராஸ் இப்போ பத்திரமான அடி இல்ல.

ஒரு ஜோடியோட கதையை அப்படியே சொல்றேன். செர்வ் பண்றவருக்கு ஐம்பது வயசுக்கு மேல, நெட்ல இளவட்டம். டியூஸ் பக்கத்துல எதிராளி ஒருத்தர் தாழ்வா, குறுக்குக் கோணத்துல ரிட்டர்ன் பண்ணிப் பண்ணியே அவங்களை மூணு மேட்ச் தோற்கடிச்சிருந்தார். ஐ போட்டுப் பார்த்தாங்க, இன்னும் மோசமாச்சு, அப்போதான் என்கிட்ட வந்தாங்க. வீடியோ எடுத்தோம், அதுல மூணு கோளாறு.

முதலாவது, ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓடுறாங்க. ஏன்னு கேட்டா தம்பிக்கு விரிச்ச கைன்னா "குறுக்க போறேன்", அண்ணனுக்கு "உன் வழக்கமான பாக்ஸ்லேருந்து போற". ஐ-ல நெட் ஆள் நடுவுலதான் இருக்கார், போறது எது நிக்கிறது எதுன்னு அர்த்தமே இல்ல. அதனால ஐ-ல கை மூடுறது விரிக்கிறது வேண்டாம்னு தூக்கிட்டோம், தம்பி முதுகுக்குப் பின்னாடி ஒரு விரலை எந்தப் பக்கம் காட்டுறாரோ அந்தப் பக்கம் அவர் போவார், அண்ணன் அதுக்கு எதிர்ப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துதான் இருக்காங்க, வலது எல்லாருக்கும் வலதுதான், குழப்பமே வராது.

ரெண்டாவது, அண்ணனோட செர்வ் பழக்கதோஷத்துல வைடாவே போயிட்டு இருந்துச்சு. 10-ல 7 வைட். ஐ-ல வைட் செர்வ் விழுந்தா எதிராளிக்கு ரெண்டு பக்கமும் கோணம் திறந்துடும், நடுவுல நிக்கிற அண்ணன் எந்தப் பக்கம் போனாலும் நீள ஓட்டம். டி-க்கு போட்டா அந்த ஆளோட பேக்ஹேண்டுக்கும் போகும், கோணமும் செத்துடும். "அண்ணே, வேகம் வேண்டாம், முக்கால் வேகத்துல டப்பாவைப் பார்த்து மட்டும் போடுங்க"ன்னு சொல்லி ரெண்டு சனிக்கிழமை அதை மட்டும் பண்ண வச்சேன். 10-க்கு 6 வந்துச்சு, அது போதும்.

மூணாவது, தம்பி செர்வ் தலையில பட்டுடுமோன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டு ரிட்டர்ன் வர்ற வரைக்கும் குந்தியே இருந்தார். இந்த பயம் நியாயமானதுதான், ஆனா யோசிச்சுப் பாருங்க, செர்வ் மேலேருந்து கீழ இறங்கிக்கிட்டே வருது, தலை நெட்டுக்குக் கீழ இருந்தா நெட்டைத் தாண்டுற பந்து உங்க தலைக்கும் மேலதான் போயாகணும். நெட்ல விழப் போற செர்வ்தான் முதுகுல படும், அதுவும் ரூல்படி ஃபால்ட், முதல் செர்வ்னா இன்னொரு செர்வ் இருக்கு. திரும்பி செர்வ் பண்றவரைப் பார்க்காதீங்க, அது ஒண்ணுதான் நிஜமான ஆபத்து, முகத்துல வாங்கிடுவீங்க. பந்து தலையைத் தாண்டுன சத்தம் கேட்டதும் எழுந்துடணும், அந்தப் பக்கம் தரையில படும்போது காட்டுன திசைக்கு முதல் எட்டு போயிருக்கணும். சாதாரண போச்சை விட இங்க கொஞ்சம் முன்னாடியே கிளம்பலாம், குந்தி எழுறதுக்கு நேரம் வேணும்ல.

அடுத்த மேட்ச்ல 30-30. தம்பி வலது காட்டுறார், அண்ணன் "சரி". செர்வ் டி-க்கு, வேகமில்ல ஆனா ஆழம். எதிராளி பேக்ஹேண்ட்ல பழகுன க்ராஸையே அடிக்கிறார், தம்பி வலது பக்கம் முன்னாடி வந்து எதிர் டீம் நெட் ஆள் காலடில வாலி, பாயிண்ட். 40-30, ஆட் பக்கம் சாதாரண ஃபார்மேஷன்ல ஆடி பாயிண்ட் போகுது, டியூஸ். மறுபடி அதே ஆள். இப்போ தம்பி இடது காட்டுறார். எதிராளி போன தடவை வாங்குனதை நினைச்சு லைன்ல அடிக்கிறார், தம்பி அங்கதான் நிக்கிறார், லேசா தடுத்து நடுவுல போடுறார். இது ரெண்டுக்கும் அப்புறம் அந்த ஆளோட ரிட்டர்ன் வெளியவும் நெட்லயும் போக ஆரம்பிச்சது, பந்தைப் பார்க்கிற நேரத்துல தம்பியைப் பார்த்துட்டு இருந்தார். அந்த செட்ல மொத்தமே ஆறோ ஏழோ பாயிண்ட்தான் ஐ போட்டாங்க. ஒவ்வொரு பாயிண்டும் போட்டா எதிராளி பழகிடுவார், திசையை மாத்தி மாத்திக் காட்டலைன்னாலும் அதேதான்.

அறிகுறி 6: ஐ போட்டா லாப் போட்டுடுறாங்க

லாப் நெட் ஆள் தலைக்கு மேல போனா அவரைத் துரத்த விடாதீங்க, பின்னாடி இருக்கிற செர்வ் பண்ணவர் "மாறு"ன்னு கத்திட்டு குறுக்க போய் எடுக்கணும், நெட் ஆள் காலியான பக்கத்துக்கு மாறிக்கணும். நெட் ஆள் பின்னாடி நடந்து ஓவர்ஹெட் எடுக்கப் போய் விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிறது நடக்குற விஷயம், திரும்பி பக்கவாட்டுல ஓடுங்க, பின்னோக்கி நடக்காதீங்க. ஒரே கேம்ல மூணு லாப் நல்லா விழுந்தா அந்த ஆளுக்கு எதிரா ஐ வேலை செய்யல, விட்டுடுங்க.

ரெண்டாவது செர்வ் மெதுவா குட்டையா விழுற ஜோடிங்க ரெண்டாவது செர்வுக்கு ஐ போடவே வேண்டாம், எதிராளி உள்ள வந்து அடிக்கும்போது நெட் ஆள் 6 அடில குந்தி எழுந்து நிக்கிறது ஆபத்து.

எப்போ வெளி ஆள்கிட்ட போகணும்

டப்பா வச்சு நாலு வாரம் போட்டும் டி-க்கு 10-ல 4 தாண்டலைன்னா செர்வுக்கு கோச்சைப் பாருங்க, செர்வுக்கு பந்தை மேல தூக்கிப் போடுற டாஸ்ல கோளாறு இருக்கும், அதை நமக்கு நாமே பார்க்க முடியாது. வாலி கிரிப்புக்கும் அப்படியே, மேலயே சொல்லிட்டேன். குந்தி எழும்போது முட்டியில வலி வந்தா ஐ-யை அன்னைக்கே நிறுத்திடுங்க, வலி ஒரு வாரத்துல போகல இல்ல வீங்குதுன்னா பிசியோகிட்டயோ டாக்டர்கிட்டயோ காட்டுங்க. முட்டி ஒத்துக்காதவங்களுக்கு ஆஸ்திரேலியன் ஃபார்மேஷன் இருக்கு, நெட் ஆள் செர்வ் பண்றவர் இருக்கிற அதே பக்கத்துல நின்னுக்கிட்டே க்ராஸை அடைச்சிடுவார், குந்த வேண்டியதே இல்ல. செர்வ் பண்ணவர் மட்டும் போட்டதும் காலியா இருக்கிற பக்கத்துக்கு ஓடணும், அவரும் சென்டர் மார்க்கை ஒட்டியே நின்னு டி-க்கு போட்டாதான் அந்த ஓட்டம் கைக்கு எட்டும்.